போட்டிக் கடைக்கு விருது: பதாகையா, பத்திரிகையா, முகநூலா, மேடையா?

திருகோணமலையில் இரண்டு பேக்கரிக்குள் போட்டி இருந்தால் அது இரண்டு முதலாளிமாரோடு நிற்காது. காலையில் லிங்கநகர் ஒழுங்கைக்குள் யாருடைய சூன் பாண் ஓட்டோ முதலில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, உப்புவெளி ஹோட்டல்களுக்கு யார் ரோல்ஸ் கொடுக்கிறார், போன தடவை பாண் விலையை யார் முதலில் இறக்கினார் என்பதெல்லாம் வாடிக்கையாளர்களுக்கு மனப்பாடம். அதனால் ஒரு கடைக்கு விருது கிடைத்தால் ஊர் மற்றக் கடையைத்தான் திரும்பிப் பார்க்கும். பேசாமல் இருந்தால் வயிற்றெரிச்சல் என்று சொல்லும். அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் நடிப்பு என்று சொல்லும். வாழ்த்துவதென்று முடிவெடுத்த பிறகு எந்த வழியில் வாழ்த்துவது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு வழிக்கும் செலவும் ஆபத்தும் வேறு.

பேச்சுக்கு ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். நம்முடைய பேக்கரி என்.சி. வீதியில், மற்றவருடையது உவர்மலையில். இருவரும் கற்பனைக் கடைக்காரர்கள்தான், ஆனால் நிலைமை எல்லோருக்கும் பழகியது. உவர்மலைக்காரருக்குத் தேசிய உற்பத்தித்திறன் விருதில் சிறிய உற்பத்தி நிறுவனங்களுக்கான பிரிவில் மூன்றாம் இடம் கிடைத்திருக்கிறது. அவர் நம்மைவிட மூத்தவர், முஸ்லிம், நேரில் கண்டால் ‘நானா’ என்று கூப்பிடுவோம். ஆறு மாதத்துக்கு முதல் ஒரு ஹோட்டல் ஓடர் விஷயத்தில் இருவருக்கும் முகம் கறுத்தது. அதுவும் ஊருக்குத் தெரியும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதற்கு முதல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: ஒரு தொலைபேசி அழைப்பு. வட்ஸ்அப்பில் எழுதுவதோ குரல் பதிவு அனுப்புவதோ இதற்கு ஈடாகாது. மூன்று நிமிடம் போதும். ‘நானா, விஷயம் கேள்விப்பட்டேன், சந்தோஷம். நாங்களும் எங்கட பேஜில ஒரு வாழ்த்துப் போடலாம் என்டு இருக்கிறன், உங்களுக்குச் சரியா?’ என்று கேட்டால் இரண்டு வேலை முடிகிறது. முதலாவது, நம் பதிவைப் பார்த்து அவர் ‘இது என்ன உள்குத்து’ என்று யோசிக்க மாட்டார். இரண்டாவது, விருதின் சரியான பெயரையும் பிரிவையும் இடத்தையும் அவர் வாயாலேயே கேட்டுவிடலாம். மூன்றாம் இடத்தை முதலிடம் என்று எழுதினால் கிண்டலாகப் படும். இடத்தையே சொல்லாமல் விட்டால் மறைத்ததாகப் படும். அவர் தன் பதிவில் எப்படிப் போட்டிருக்கிறாரோ அப்படியே போடுவதுதான் பாதுகாப்பு. அவர் இன்னும் வெளியில் சொல்லவில்லை என்றால் நாம் முந்தக் கூடாது. அவருடைய செய்தியை அவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பதாகை

நம்மூரில் கை முதலில் போவது பதாகைக்குத்தான். எட்டுக்கு நாலு அடியில் பிளெக்ஸ் அடித்துச் சந்தியில் கட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள். இந்த விஷயத்துக்கு அது மோசமான தேர்வு, காரணம் காற்று. கச்சான் வீசும் மாதங்களில் இரண்டு கம்பத்துக்கு நடுவில் இழுத்துக் கட்டிய பிளெக்ஸ் பாய்மரம் மாதிரி உப்பி, மூலையில் இருக்கும் வளையத்தைப் பிய்த்துக்கொண்டு தொங்கும். வேறு எந்தப் பதாகை கிழிந்தாலும் அது காற்றின் வேலை. போட்டிக்காரருடைய முகம் இருக்கும் பதாகை, நாம் கட்டியது, பாதியில் கிழிந்து தொங்கினால் அதை யார் கிழித்தார் என்பதற்கு ஊரில் ஒரே ஒரு பதில்தான் இருக்கும். யாராவது விளையாட்டுப் பையன் மீசை வரைந்துவிட்டாலும் பழி நமக்குத்தான்.

பொது வீதியில் கட்டுவதற்கு உள்ளூராட்சி சபையின் அனுமதியும் வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டி, சபை ஆட்கள் கழற்றி வண்டியில் எறிந்துகொண்டு போவது அவர் முகம் போட்ட பதாகை என்றால் அவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கல், பதாகையில் நம் படத்தையும் போடும் பழக்கம். வலது பக்கம் அவர், இடது பக்கம் கைகூப்பியபடி நாம், கீழே நம் கடையின் மூன்று தொலைபேசி இலக்கம். அது நம் விளம்பரம், அவர் அதில் ஒரு சாட்டு.

பதாகைதான் வேண்டும் என்று குடும்பத்தில் பெரியவர்கள் நின்றால் ஒரு நடுவழி இருக்கிறது. நம் கடையின் சொந்தச் சுவரில், நாலுக்கு இரண்டு அடிக்குள், சட்டமடித்து இறுக்கி, ஏழு நாளைக்கு மட்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் வாசிக்கக்கூடியது எட்டுப் பத்துச் சொல்தான், அதனால் அவருடைய கடைப் பெயர், விருதின் பெயர், ‘வாழ்த்துகள்’, கீழே சின்னதாக நம் கடைப் பெயர். படம் தேவையில்லை. எட்டாம் நாள் காலையில் நாமே கழற்றி மடித்து உள்ளே வைத்துவிட வேண்டும்.

இதைவிடச் செலவில்லாத ஒன்றும் நன்றாக வேலை செய்யும். காசுபெறும் மேசைக்குப் பக்கத்தில், பணிஸ் தட்டுக்கு மேலே, ஏ4 தாளில் கையால் எழுதிய மூன்று வரி. பாண் வாங்க வருகிறவர் அதை நின்று வாசிப்பார், வாசித்துவிட்டு எதாவது கேட்பார். ‘என்ன, உங்களுக்குக் கிடைக்கல்லையா?’ என்பதுதான் அநேகமாக முதல் கேள்வி. மேசையில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்: ‘இந்த முறை நானாவுக்கு. நல்லாத்தான் செய்திருக்கிறார்.’ அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். அந்தப் பிள்ளை கண்ணைச் சிமிட்டினால் தாளில் எழுதியது எல்லாம் வீண்.

பத்திரிகை

வீரகேசரியிலோ தினக்குரலிலோ வாழ்த்து விளம்பரம் போடுவது மரியாதையான வழி என்று பலர் நினைக்கிறார்கள். செலவு நிரல்–சென்ரிமீற்றர் கணக்கில் வரும். இரண்டு நிரல் அகலம், பத்து சென்ரிமீற்றர் உயரம் என்றால் இருபது அலகு. ஞாயிறு பதிப்புக்கும் வண்ணத்துக்கும் கூடுதல் காசு, இடம் முன்கூட்டியே சொல்லிப் பிடிக்க வேண்டும். இந்தச் செலவுக்கு நமக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால், பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருப்பவர்கள். அவர்களுக்கு என்.சி. வீதியும் உவர்மலையும் ஒன்றுதான். போட்டி இருப்பது தெரிந்தவர்களுக்குத்தான் வாழ்த்தின் பெருந்தன்மை விளங்கும். தெரியாதவருக்கு அது இன்னொரு விளம்பரம்.

பத்திரிகையில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. நம் பத்திரிகைகளில் பெட்டிக்குள் நடுத்தர வயது மனிதர் ஒருவருடைய கடவுச்சீட்டுப் படம், மேலே தடித்த எழுத்தில் பெயர், சுற்றிக் கறுப்புக் கோடு என்றால் வாசகர் கண் அதை என்னவென்று படிக்கும்? மரண அறிவித்தல் பக்கம் பார்த்துப் பழகிய கண் அது. கறுப்பு வெள்ளையில் சின்ன விளம்பரமாகப் போட்டால் இந்த ஆபத்து நிச்சயம் உண்டு. கறுப்புக் கரை வேண்டாம், தனிமுகப் படம் வேண்டாம், விருதைக் கையில் வாங்கும் படமாக இருக்கட்டும், ‘வாழ்த்துகள்’ என்ற சொல் பெயருக்கு மேலே வரட்டும் என்று வடிவமைப்பவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். அச்சுக்குப் போகும் முன் மாதிரிப் படியைக் கேட்டு வாங்கி, அவருடைய பெயரை அவர் கடைப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் எழுத்தோடு ஒப்பிட வேண்டும். முஸ்லிம் பெயர்களைத் தமிழில் ஐந்து விதமாக எழுதலாம். அவர் எழுதுவது ஒரு விதம்தான்.

பத்திரிகை பொருந்தும் இடமும் உண்டு. ஊரின் பேக்கரிக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செலவைப் பங்கிட்டு ஒரே விளம்பரமாகப் போட்டால் அது கனமாக இருக்கும். அப்போது கடைப் பெயர்களை அகரவரிசையில் போட்டுவிட்டால் யார் மேலே யார் கீழே என்ற சண்டை வராது. காசை ஒழுங்குபடுத்தியது நாம் என்பதற்காக நம் பெயர் முதலில் நிற்கக் கூடாது.

அவருடைய பதிவின் கீழே, வர்த்தகர் குழுவில்

செலவே இல்லாதது இது. ஆபத்தும் குறைவு, பலனும் குறைவு. வட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் வரிசையாகக் கைகூப்பும் படம் போட்டுக்கொண்டிருக்கும்போது நம்முடையது நாற்பத்தோராவது. பேஸ்புக்கில் அவருடைய பதிவின் கீழ் நம் கடைப் பக்கத்தின் பெயரில் இரண்டு வரி எழுதினால் ஓரளவு கவனம் விழும், ஏனென்றால் அவருடைய வாடிக்கையாளர்கள் அதைப் பார்ப்பார்கள். சொந்தக் கணக்கில் எழுதினால் அது நண்பர் சொன்ன வாழ்த்து, கடைப் பக்கத்தின் பெயரில் எழுதினால்தான் கடை சொன்ன வாழ்த்து. எந்தப் பெயரில் எழுதுகிறோம் என்பதை அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், கைப்பேசியில் இது அடிக்கடி மாறிப்போகும்.

விருதைப் பற்றியே நமக்குச் சந்தேகம் இருந்தால் இந்த வழிதான் சரி. காசு கட்டினால் கேடயம் கொடுக்கும் விருதுகளும் நாட்டில் இருக்கின்றன. அப்படி ஒன்றை அவர் வாங்கியிருந்தால் நம் பக்கத்தில் தனிப்பதிவு போட்டு அதற்கு நற்சான்று கொடுக்கத் தேவையில்லை. அவருடைய பதிவின் கீழ் ‘வாழ்த்துகள் நானா’ என்று இரண்டு சொல் போதும். விருதைப் பற்றி எதையும் சொல்லாமல் மனிதரை வாழ்த்தியதாக அது நிற்கும்.

நம் பக்கத்தில் தனிப்பதிவு

உவர்மலை விஷயத்தில் இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வோம். ஊர் ஆட்கள் பார்க்கும் இடம் அது. நம் வாடிக்கையாளர் முன்னால், நம் கடைக்குள் நின்று, அடுத்த கடையைப் பாராட்டுவது அது. காற்றில் கிழியாது, பிழை கண்டால் திருத்தலாம். ஆனால் திருத்திய வரலாற்றை மற்றவர்களும் திறந்து பார்க்கலாம் என்பது நினைவிருக்கட்டும். முதலில் ஒன்று எழுதிப் பிறகு மென்மையாக்கினால் முதல் எழுத்தும் அங்கேயே கிடக்கும்.

முதலில் வழக்கமாக எழுதப்படும் விதத்தைப் பார்ப்போம்:

‘தேசிய உற்பத்தித்திறன் விருதினை வென்ற எமது சக நிறுவனமான உவர்மலை பேக்கரியின் உரிமையாளர் அவர்களுக்கு எமது இதயபூர்வமான நல்வாழ்த்துகளைத் தெரிவிப்பதில் பேருவகை அடைகின்றோம். குறுகிய காலத்தில் சிறிய அளவில் ஆரம்பித்து இந்நிலையை அடைந்தமை பாராட்டத்தக்கது. ஆரோக்கியமான போட்டியே வளர்ச்சிக்கு வழி! 1988 முதல் உங்கள் நம்பிக்கைக்குரிய என்.சி. வீதிப் பேக்கரி.’

ஒரு சொல்லிலும் கெட்ட எண்ணம் இல்லை. இருந்தும் இது குத்தும். ‘பேருவகை அடைகின்றோம்’ என்பது பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் நன்றியுரை மொழி. பாணும் பணிஸும் விற்கும் கடை தன் பக்கத்தில் மற்ற நாட்களில் ‘சுடச்சுட மாலு பாண் ரெடி’ என்று எழுதிவிட்டு இன்றைக்கு மட்டும் இப்படி எழுதினால், யாரோ கட்டாயப்படுத்தி எழுதவைத்த மாதிரி இருக்கும். விறைப்பு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கடையின் வழக்கமான குரலிலேயே எழுதினால் அது போய்விடும்.

‘குறுகிய காலத்தில் சிறிய அளவில் ஆரம்பித்து’ என்பது அதைவிட மோசம். எழுதியவர் புகழ்வதாக நினைத்திருப்பார். படிப்பவர் காதில் ‘நேற்று வந்தவர், சின்னக் கடைக்காரர்’ என்று விழும். கடைசி வரியில் 1988 என்று நம் வயதைப் போட்டது அதை உறுதிப்படுத்திவிட்டது. அவர் ஒரு காலத்தில் நம் பேக்கரியில் வேலை பழகியவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ‘எங்களிடம் தொழில் கற்றவர்’ என்று எழுதினால் விருதில் பாதியை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். அதைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான். அவர் சொன்னால் நன்றி சொல்லலாம்.

‘ஆரோக்கியமான போட்டி’ என்ற தொடரையும் எடுத்துவிடுங்கள். போட்டியை நாமே நினைவூட்டினால் ஆறு மாதத்துக்கு முந்தைய ஹோட்டல் ஓடர் சண்டைதான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். ஆச்சரியக்குறியும் கிண்டலுக்கு வழி விடும். ‘வாழ்த்துகள்!!!’ என்பதை எந்தத் தொனியிலும் வாசிக்கலாம். ‘ஒருமாதிரி’, ‘கடைசியில்’, ‘ஒருவழியாக’ போன்ற சொற்களும், விருது என்பதை மேற்கோள் குறிக்குள் போடுவதும் கூடவே கூடாது.

இப்போது வேறு விதமாக:

‘உவர்மலை பேக்கரிக்குத் தேசிய உற்பத்தித்திறன் விருதில், சிறிய உற்பத்தி நிறுவனங்கள் பிரிவில் மூன்றாம் இடம் கிடைத்திருக்கிறது.

பின்னேரம் நாலு மணிக்குப் பாண் என்றால் அங்கே நாலு மணிக்குப் பாண். இந்த வெயிலில் மா எவ்வளவு கெதியாகப் பொங்கும், அடுப்பு தயாராக முதல் பொங்கி விழுந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தைப் பிடிப்பது லேசான வேலை இல்லை.

நானாவுக்கும், ஊர் தூங்கும்போது மாப் பிசையத் தொடங்கும் அவருடைய வேலையாட்களுக்கும் வாழ்த்துகள்.

– என்.சி. வீதிப் பேக்கரி’

ஐம்பத்தைந்து சொல்லளவில் முடிந்துவிட்டது. முதல் பகுதி செய்தி மட்டும், அடைமொழி இல்லை. பெருந்தன்மை நடுப்பகுதியில்தான் இருக்கிறது. அது அதே தொழில் செய்பவர் மட்டுமே சொல்லக்கூடிய பாராட்டு. திருகோணமலை வெக்கையில் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும். குளிர்ந்த தண்ணீரில் பிசைந்து, ஈஸ்டைக் குறைத்து, அடுப்புச் சூட்டோடு நேரத்தைப் பொருத்தாவிட்டால் மா மிஞ்சிப் பொங்கி, பாண் நடுவில் குழிந்து புளிக்கும். வாடிக்கையாளர் ‘பாண் நல்லது’ என்று சொல்வார். ஏன் நல்லது என்று போட்டிக்காரர்தான் சொல்ல முடியும். அதைச் சொல்லும்போது அவர் நம்மைவிட நன்றாகச் செய்கிறார் என்றும் சொல்லவில்லை, நாம் மோசம் என்றும் சொல்லவில்லை. அந்த வேலை கஷ்டமானது, அவர் அதைச் செய்கிறார் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். உற்பத்தித்திறன் விருது பார்ப்பதும் வேலை ஒழுங்கைத்தான் என்பதால் பாராட்டு விருதோடும் பொருந்துகிறது.

எதைப் பாராட்டுவது என்று தேர்வதில் ஒரு எச்சரிக்கை. ‘நிறை குறையாமல் பாண் விற்பவர்’ என்று எழுத ஆசை வரும். இறாத்தல் பாணின் நிறை 450 கிராம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அதைக் காப்பாற்றுகிறார் என்று ஒருவரைப் புகழ்ந்தால் மற்றவர்கள் காப்பாற்றவில்லை என்று ஆகிவிடும். மூன்றாவது பேக்கரிக்காரருக்குக் கோபம் வரும், அன்றைக்கே யாராவது நம் பாணையும் தராசில் வைப்பார்கள். சட்டப்படி எல்லோரும் செய்ய வேண்டியதைப் பாராட்டாதீர்கள்.

முறைப்பெயர் விஷயத்தில் இலகுவான வழி, நேரில் எப்படிக் கூப்பிடுகிறோமோ அதையே எழுதுவது. நேரில் ‘நானா’ என்றுவிட்டு எழுத்தில் ‘திருவாளர்’ என்றால் விறைப்பு. நேரில் பேசாதவரை எழுத்தில் திடீரென்று ‘அன்பு அண்ணன்’ என்றால் பொய். நேரில் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவோம் என்றால் பெயரைப் போடாமல் கடைப் பெயரை மட்டும் எழுதலாம், அதில் குறை இல்லை. அவருடைய வாடிக்கையாளரில் சிங்களம் பேசுகிறவர்களும் நிறைய என்றால் கீழே ஒரு சிங்கள வரி சேர்ப்பது நல்லது. ஆனால் அதைச் சிங்களம் தாய்மொழியானவர் ஒருவருக்குக் காட்டிவிட்டுப் போடுங்கள். கைப்பேசி மொழிபெயர்த்துக் கொடுத்த வரி முழுப் பதிவையும் கேலியாக்கும். வாழ்த்து அட்டை வடிவமைப்பவர் வழக்கம்போல ஓரத்தில் குத்துவிளக்கு வைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

அட்டையே வேண்டாம் என்பது நம் அபிப்பிராயம். அவர் போட்ட படத்தை, தொலைபேசியில் கேட்டுவிட்டு, அப்படியே போடலாம். அதன் மேல் நம் சின்னத்தை ஒட்டக் கூடாது. பதிவில் அவருடைய கடைப் பக்கத்தை இணைக்க வேண்டும், சொந்தக் கணக்கை அல்ல. காசு கட்டிப் பதிவைப் பரப்ப வேண்டாம், ‘விளம்பரம்’ என்ற சொல் மேலே வந்த நிமிடமே நோக்கம் மாறிப்போகும்.

நேரமும் முக்கியம். அவர் அறிவித்த அன்று பின்னேரமோ அடுத்த நாளோ போட்டுவிட வேண்டும். மூன்றாம் நாளுக்குப் பிறகு, யோசித்து யோசித்துப் போட்டதாகத் தெரியும். அப்படித் தாமதமாகிவிட்டால் பதிவை விட்டுவிட்டு அடுத்த கூட்டத்தில் நேரில் சொல்லலாம். நம் பதிவு போட்ட பிறகு ஒரு முழு நாளைக்கு வேறு எதையும் போட வேண்டாம். வாழ்த்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து ‘இன்று மட்டும் கேக் விலைக்கழிவு’ என்று வந்தால் இரண்டையும் சேர்த்துத்தான் வாசிப்பார்கள்.

பதிவின் கீழே வருவதற்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆபத்து பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்களிடமிருந்துதான் வரும். மச்சான் ஒருவர் ‘எங்கட பாணுக்கு முன்னால நிக்குமா’ என்று எழுதுவார், வேலை செய்யும் பையன் அதற்குச் சிரிக்கும் முகம் போடுவான். பதிவு போடும் முன்பே வீட்டிலும் பட்டறையிலும் சொல்லிவையுங்கள். வந்துவிட்டால் கருத்துப் பகுதியை மூட வேண்டாம், அது பயந்த மாதிரி இருக்கும். மச்சானைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவராகவே அழிக்கச் சொல்வது நல்லது. வாடிக்கையாளர் ஒருவர் ‘உங்கட பணிஸ்தான் திறம்’ என்று எழுதினால் அதற்கு விருப்பக்குறியும் போடாமல், ‘நன்றி, இன்றைக்கு நானாவின் நாள்’ என்று ஒரு வரி எழுதலாம்.

நாமும் அதே விருதுக்கு விண்ணப்பித்துத் தோற்றது ஊருக்குத் தெரிந்த விஷயமாக இருந்தால் அதை மறைத்து எழுத முடியாது. ‘இம்முறை நாங்களும் விண்ணப்பித்திருந்தோம்’ என்று ஒரே வரி, காரணமும் சமாதானமும் இல்லாமல், பாராட்டுக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் அல்ல. பின்னால் வந்தால் கடைசியில் காதில் நிற்பது நம் தோல்விதான். தெரியாத விஷயமாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

மேடை

வர்த்தக சங்கமோ பாடசாலைப் பழைய மாணவர் சங்கமோ பாராட்டு விழா வைத்து நம்மையும் பேசக் கூப்பிட்டால், மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் பலம். எழுதிய சொல்லை மாற்றிப் படிக்கலாம், முகத்தையும் குரலையும் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் கேட்டுப் போய்ப் பேசக் கூடாது, அழைத்தால் மட்டும்.

இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நிதானமாகப் பேசினால் அது இருநூறு சொல்லளவு வரும். நம் மேடைப் பழக்கத்தில் ‘தலைவர் அவர்களே, பிரதம விருந்தினர் அவர்களே’ என்று பத்துப் பேரைக் கூப்பிடுவதற்கே ஒன்றரை நிமிடம் போய்விடும். ‘சபையோருக்கு வணக்கம்’ என்று தொடங்கி நேரே விஷயத்துக்கு வரலாம். முகநூலில் எழுதிய அதே பாராட்டு, இன்னும் ஒரு விவரத்தோடு. போட்டியைப் பற்றி ஒரு பகிடி விடலாம், அது நம் மேல்தான் இருக்க வேண்டும். ‘காலையில நானாவுடைய சூன் பாண் பாட்டு எங்கட வாசலில கேட்டால்தான் எனக்கு விடியும்’ என்றால் சபை சிரிக்கும், அவரும் சிரிப்பார். அரச அதிகாரிகள் முன்னால் இருக்கிறார்கள் என்பதற்காக மாவின் விலையையும் மின் கட்டணத்தையும் பற்றி முறையிடத் தொடங்கினால் விழா நம்முடையதாகிவிடும்.

பொன்னாடை போர்த்தும்போது போர்த்திவிட்டு அரை அடி பின்னால் வந்து நிற்க வேண்டும். படப்பிடிப்பாளர் ‘இரண்டு பேரும் விருதைப் பிடியுங்கோ’ என்று கேட்பார். கையை அவர் தோளிலோ நம் பக்கத்திலோ வைத்துக்கொள்ளலாம், விருதில் வைக்க வேண்டாம். அடுத்த நாள் அந்தப் படம் தனியாகச் சுற்றும், அதில் யார் வென்றார் என்பது பார்த்ததும் தெரிய வேண்டும். பேசி முடித்த கையோடு எழுந்து போவதும் கூடாது. பட்டறையில் வேலை இருந்தால் வரும்போதே ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிட்டு ஓர இருக்கையில் இருங்கள்.

என்.சி. வீதிக் கடைக்குச் செய்யக்கூடியதை வரிசையில் சொன்னால்: காலையில் அழைப்பு, பின்னேரம் நம் பக்கத்தில் பதிவு, மேசையில் கையெழுத்துத் தாள். மேடைக்கு அழைத்தால் மேடை. ஊர்ப் பேக்கரிகள் சேர்ந்து பத்திரிகையில் போட்டால் அதில் ஒரு பங்கு. சந்தியில் பதாகை மட்டும் வேண்டவே வேண்டாம். ஹோட்டல் ஓடர் சண்டை இன்னும் முடியாமல் பொலிஸிலோ நீதிமன்றத்திலோ இருக்கிறது என்றால் கணக்கு வேறு. அப்போது தனிப்பதிவு போட்டால் சமாதானத்துக்கு ஆள் பிடிப்பதாக அவருடைய சட்டத்தரணியே நினைப்பார். தொலைபேசியையும் விட்டுவிட்டு, அவருடைய பதிவின் கீழ் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பதிவுக்கு அவர் பதில் எழுதாமலும் இருக்கலாம். விருது வாங்கிய வாரத்தில் நூற்றுக்கணக்கான வாழ்த்து வரும், எல்லாவற்றையும் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. மறுபடியும் அவர் பெயரை இணைத்து நினைவூட்டவோ, ‘பார்த்தீர்களா’ என்று கேட்கவோ வேண்டாம். பதிலாக அவர் கடையிலிருந்து ஒரு கேக் பெட்டி வந்தால், பெட்டியைப் படமெடுத்துப் போடாமல், பட்டறையில் வேலை செய்பவர்களோடு வெட்டிச் சாப்பிடுங்கள்.